லாபம் காட்டுகிறது, கையில் காசு இல்லை. சுழற்சி 78 நாள் என்று வருகிறது, கணக்கு சரியா?

பைப்கடை_ஈரோடு

வணக்கம். ஈரோட்டில் பிவிசி, சிபிவிசி பைப்பும் ஃபிட்டிங்ஸும் மொத்தமாக விற்கிறோம். நானும் மச்சானும் பார்ட்னர்கள். போன வருடம் ஜிஎஸ்டி சேர்க்காமல் 3.65 கோடி விற்பனை, சரக்கின் அடக்க விலை 3.285 கோடி. அதாவது ஒரு நாளைக்கு ஒரு லட்சம் விற்பனை, அதில் 90 ஆயிரம் அடக்கம். சம்பளம், வாடகை, டெம்போ, வட்டி எல்லாம் போக 11 லட்சம் லாபம் என்று ஆடிட்டர் காட்டினார். அந்த 11 லட்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "எல்லாம் உங்க குடோன்லயும் கஸ்டமர் கிட்டயும்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சரக்குக்குப் போட்ட காசு திரும்பக் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்ற பணச் சுழற்சிக் கணக்கை, வீடியோ ஒன்று பார்த்துவிட்டு நானே உட்கார்ந்து போட்டேன். 12 மாதக் கடைசிகளின் சராசரியை எடுத்தேன். சரக்கு 54 லட்சம், எங்களுக்கு வரவேண்டியது 59 லட்சம், நாங்கள் கொடுக்கவேண்டியது 37.17 லட்சம்.

```
சரக்கு    54,00,000 ÷   90,000 = 60 நாள்
வரவு      59,00,000 ÷ 1,00,000 = 59 நாள்
கொடுப்பு  37,17,000 ÷   90,000 = 41 நாள்
60 + 59 − 41 = 78 நாள்
```

அப்படியானால் 78 லட்சம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமா? பேங்கில் கேஷ் கிரெடிட் லிமிட் 45 லட்சம், அதில் எப்போதும் 41 நின்றபடியே இருக்கிறது. வட்டி 11 சதவீதம்.

இதற்கு நடுவில் இன்னொரு குழப்பம். நாங்கள் முக்கியமாக எடுக்கும் பைப் கம்பெனிக்கு 35 நாளில் பணம் கட்டுகிறோம். 7 நாளில் கட்டினால் 2 சதவீதம் கேஷ் டிஸ்கவுண்ட் தருகிறேன் என்று ஏரியா மேனேஜர் சொல்கிறார். எடுத்தால் என் சுழற்சி 100 நாளைத் தாண்டிவிடும். அப்படி ஒரு தப்பைச் செய்யவே கூடாது என்கிறான் நண்பன். என்ன செய்யலாம்?

டேலி_தாஸ்

நண்பர் சொல்வதுதான் சரி. சுழற்சி குறைந்தால்தான் காசு வெளியே வரும், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. 7 நாளில் கட்டுவதை விடுங்கள், இப்போது 35 நாளில் கொடுப்பதை 60 ஆக்குங்கள். 25 நாள் இழுத்தால் 25 லட்சத்துக்கு மேல் வட்டியில்லாக் கடன் சும்மா கிடைக்கும். கம்பெனிக்காரன் நாலு முறை போன் பண்ணுவான், அவ்வளவுதான். பெரிய சூப்பர் மார்க்கெட்காரர்கள் எல்லாம் இப்படித்தான் பிழைக்கிறார்கள்.

லைன்_முருகு

தம்பி தாஸ், பைப் வியாபாரத்தில் நீங்கள் வேலை பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நான் 22 வருடம் பார்த்தேன். இப்போதெல்லாம் யாரும் போன் பண்ணிக் கெஞ்சுவதில்லை. கெடு தாண்டினால் கம்பெனி சிஸ்டத்தில் நம் கணக்கு தானாகவே லாக் ஆகிவிடும், ஆர்டர் போட்டாலும் பில் விழாது. சித்திரை மாதம், ஊரெல்லாம் போர் போடுகிறான், குடோனில் 6 கிலோ பிரஷர் பைப் இல்லை, கம்பெனியில் லாக். அந்த ஒரு வாரத்தில் பக்கத்துக் கடைக்குப் போகும் கஸ்டமர் அதற்குப் பிறகு திரும்பி வருவதில்லை.

கணக்கு_அக்கா

முதலில் ஒரு நல்ல வார்த்தை. 12 மாதச் சராசரி எடுத்தீர்களே, பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. மார்ச் 31 அன்று இருக்கும் பாக்கியை எடுத்துவிடுவார்கள். டர்ன்ஓவர் ஸ்கீமுக்காக மார்ச்சில் தள்ளிவிட்ட சரக்கெல்லாம் அன்றைக்குக் கஸ்டமர் பாக்கியாக உட்கார்ந்திருக்கும், பார்த்தால் தலை சுற்றும்.

இப்போது தப்பு எங்கே என்று பார்ப்போம். வரவேண்டிய 59 லட்சம் என்பது டாலியில் இருக்கும் பில் தொகை, அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது. அதை ஜிஎஸ்டி இல்லாத விற்பனையால் வகுத்திருக்கிறீர்கள். மேலே வரியோடு, கீழே வரி இல்லாமல். ஒரு நாள் விற்பனை வரியோடு 1,18,000. 59 லட்சத்தை அதால் வகுத்தால் 50 நாள்தான் வரும். கொடுப்பதும் அப்படியே. ஒரு நாள் கொள்முதல் வரியோடு 1,06,200, ஆகவே 35 நாள். நீங்களே 35 நாளில் கட்டுகிறேன் என்று எழுதிவிட்டுக் கீழே 41 என்று போட்டிருக்கிறீர்கள், அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சரக்கு மட்டும் வரி இல்லாமல் இருப்பதுதான் சரி, வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துவிட்டோம் அல்லவா. ஆக 60 + 50 − 35 = 75.

78-க்கும் 75-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்பீர்கள். இங்கே ஒரு தப்பு இன்னொரு தப்பைச் சமாளித்துவிட்டது. எல்லோருக்கும் அப்படி அமையாது. கொள்முதல் பாக்கியே இல்லாமல் ரொக்கத்துக்கு வாங்கி, விற்பதை மட்டும் கடனுக்கு விற்கிறவர் இதே மாதிரி போட்டால் 9, 10 நாள் எங்கோ போய்விடும்.

அதைவிட முக்கியமானது அடுத்தது. 75 நாள், நாளுக்கு ஒரு லட்சம், ஆகவே 75 லட்சம் என்று பெருக்கக் கூடாது. மாட்டிய பணம் 54 + 59 − 37.17 = 75.83 லட்சம். உங்கள் எண்கள் இப்படி அமைந்ததால் இரண்டும் பக்கத்தில் வந்து நிற்கின்றன, தற்செயல்தான். உண்மையில் மூன்று நாட்களுக்கும் மூன்று விலை. சரக்கில் ஒரு நாள் குறைத்தால் 90,000 வெளியே வரும். வசூலில் ஒரு நாள் குறைத்தால் 1,18,000. கொடுப்பதில் ஒரு நாள் கூட்டினால் 1,06,200. "பத்து நாள் குறைங்க" என்று பொதுவாகச் சொல்பவரிடம் எங்கே என்று கேளுங்கள். சரக்கில் என்றால் 9 லட்சம், வசூலில் என்றால் 11.8 லட்சம்.

புடவைக்கடை_சேலம்

என் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். சூரத்திலிருந்து 120 நாள் கடனில் சேலை எடுக்கிறேன். சரக்கு சராசரியாக 100 நாள் நிற்கிறது. விற்பனை எல்லாம் ரொக்கமும் யுபிஐயும்தான், கடனே கிடையாது. 100 + 0 − 120 = −20. என் சுழற்சி மைனஸ்! பேங்க் லோன் ஒரு ரூபாய் கிடையாது. பைப்காரர் ஏன் கடனுக்கு விற்கிறார் என்றே புரியவில்லை. ரொக்கத்துக்கு மட்டும் விற்றால் இந்தத் தொல்லையே இல்லையே.

லைன்_முருகு

அக்கா, சேலை வாங்க வருபவர் கையில் காசோடு வருவார். ஹார்டுவேர் கடைக்காரர் அவர் கஸ்டமரிடம் வசூல் பண்ணித்தான் நமக்குக் கொடுப்பார். திங்கள்கிழமை லைன் போனால் போன வாரத்து பில்லுக்குக் காசு தருவார், இந்த வாரத்துக்கு ஆர்டர் தருவார். ரொக்கம் என்று சொன்னால் ஆர்டர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரவேண்டியதுதான்.

கணக்கு_அக்கா

@புடவைக்கடை_சேலம், உங்களிடம் ஒரு கேள்வி. தீபாவளி முடிந்து கார்த்திகையில் பேங்க் கணக்கில் எவ்வளவு இருக்கும்?

புடவைக்கடை_சேலம்

நிறைய இருக்கும். அதை வைத்துத்தான் இரண்டு வருடம் முன்பு கடைக்குப் பின்னால் இருந்த இடத்தை வாங்கினோம்.

கணக்கு_அக்கா

அதைத்தான் பயந்து கேட்டேன். அது உங்கள் பணம் இல்லை, சூரத்துக்காரரின் பணம். மைனஸ் சுழற்சியில் இருப்பவருக்கு விற்பனை ஏறும்போது கல்லாவில் காசு கொழிக்கும். ஒரு வருடம் விற்பனை படுத்தால், பழைய பெரிய விற்பனைக்கான பில்கள் கெடுவுக்கு வந்து நிற்கும், கல்லாவிலோ இந்த வருடத்துச் சின்ன விற்பனைதான் இருக்கும். இடத்தை விற்றுப் பில் கட்ட முடியாது. பைப்காரருக்கு நேர் எதிர். விற்பனை படுத்தால் அவருக்கு வசூல் வந்து காசு சேரும், விற்பனை ஏறினால்தான் மூச்சு முட்டும். போன வருடம் உங்கள் விற்பனை எவ்வளவு ஏறியது, பைப்கடை?

பைப்கடை_ஈரோடு

சுமார் 15 சதவீதம். 3.17 கோடி இருந்தது.

கணக்கு_அக்கா

அப்படியானால் 11 லட்சம் எங்கே போனது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. நாட்கள் மாறாமல் இருந்தாலும், மாட்டிய பணம் விற்பனையோடு சேர்ந்து ஏறும். 75.83 லட்சம் முந்தைய வருடம் 66 லட்சம் பக்கத்தில் இருந்திருக்கும். 10 லட்சம் அதிலேயே போயிருக்கிறது. யாரும் திருடவில்லை, நீங்கள் வீட்டுக்கு எடுத்த பணத்தை மட்டும் கேஷ் கிரெடிட்டில் எடுத்திருக்கிறீர்கள்.

பைப்கடை_ஈரோடு

மச்சானிடம் இதைக் காட்டினேன். நீ எடுத்தாய், நான் எடுத்தேன் என்று ஒரு வருடமாகச் சண்டை. இரண்டு நாளாக வீட்டில் அமைதி.

சரி, அந்த 2 சதவீதத்துக்கு வருவோமா?

டேலி_தாஸ்

அது நானே போட்டேன். 28 நாள் முன்னாடி கட்ட 2 சதவீதம், வருடத்துக்கு 26 சதவீதம் வருகிறது. வட்டி 11. அந்தப் பக்கம் பார்த்தால் எடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் சுழற்சி ஏறுகிறதே, அது இடிக்கிறது.

கணக்கு_அக்கா

தாஸ், 26 இல்லை, 22. டிஸ்கவுண்ட் அடிப்படை விலை மேல்தான் தருவார்கள், கட்டுவதோ 18 சதவீத வரியோடு சேர்த்து. 118 ரூபாயை முன்னாடி கட்டி 2 ரூபாய் வாங்குகிறீர்கள்.

முழுசாகப் போடுவோம். அந்தக் கம்பெனியில் மட்டும் நாளைக்கு எவ்வளவு கொள்முதல்?

பைப்கடை_ஈரோடு

90 ஆயிரத்தில் 70 ஆயிரம் அவர்கள்தான். மீதி 20 ஆயிரம் கோவையில் பால் வால்வும் பித்தளை ஃபிட்டிங்ஸும் செய்யும் மூன்று சின்ன யூனிட்கள். அவர்களுக்கும் 35 நாள்தான்.

கணக்கு_அக்கா

70 ஆயிரம் வரியோடு 82,600. 28 நாள் முன்னாடி கட்ட 23.13 லட்சம் கூடுதலாக வேண்டும். அதற்கு 11 சதவீத வட்டி வருடத்துக்கு 2.54 லட்சம். டிஸ்கவுண்ட் 2.555 கோடிக்கு 2 சதவீதம், 5.11 லட்சம். நிகரம் 2.57 லட்சம் உங்களுக்கு. கொடுக்கும் நாள் 35-லிருந்து 13 ஆகும், சுழற்சி 75-லிருந்து 97 ஆகும், லாபம் இரண்டரை லட்சம் ஏறும். சுழற்சி நீண்டு லாபம் கூடுகிறது, ஆமாம். எண்ணைக் குறைப்பதே வேலை என்று நினைப்பவர்களுக்கு இது நெஞ்சில் இறங்காது. 35 நாள் கடன் இலவசம் இல்லை, அதற்கு 22 சதவீத வட்டி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஆனால் பேங்க் அந்த 23 லட்சத்தைத் தருமா என்பது வேறு கதை. யாராவது பேங்க்காரர் இருக்கிறீர்களா?

ரிடையர்டு_மேனேஜர்

இருக்கிறேன். 31 வருடம் கிளைகளில் இருந்தவன், இந்த மாதிரி பைல்கள் நூறு பார்த்திருப்பேன். லிமிட் ஒன்று, டிராயிங் பவர் வேறு, அதாவது அந்த மாதம் உண்மையில் எடுக்க முடிகிற தொகை. மாதாமாதம் நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் சரக்கிலிருந்து கொடுக்கவேண்டியதைக் கழித்து, மீதிக்கு 25 சதவீதம் மார்ஜின் போடுவோம். வரவேண்டியதில் 90 நாள் தாண்டியதை ஒதுக்கிவிட்டு மீதிக்கு மார்ஜின். அது கிளைக்குக் கிளை மாறும், 40 என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையதில் 90 நாள் தாண்டியது எவ்வளவு தம்பி?

பைப்கடை_ஈரோடு

11 லட்சம் சார். அதில் 8 லட்சம் ஒரே கான்ட்ராக்டர். அரசு வேலை, பில் பாஸ் ஆனதும் தருகிறேன் என்கிறார், 5 மாதமாக.

ரிடையர்டு_மேனேஜர்

சரி. 54-ல் 37.17 போனால் 16.83, அதில் முக்கால் பங்கு 12.6 லட்சம். 48-ல் 60 சதவீதம் 28.8 லட்சம். இரண்டும் 41.4. நீங்கள் 41 நிற்பதாகச் சொன்னீர்கள், அதாவது லிமிட் 45 இருந்தும் கூரை 41-லேயே இடிக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை, 4 லட்சம் பாக்கி இருக்கிறதே என்று செக் கொடுத்துத் திரும்பியவர்கள் உண்டு.

இப்போது வேடிக்கை பாருங்கள். கம்பெனிக்கு 23 லட்சம் முன்கூட்டிக் கட்டினால் அந்தச் சரக்கு கட்டிய சரக்காக மாறும். டிராயிங் பவர் 17.35 லட்சம் ஏறும். கடனைக் கட்டுவதற்குத் தேவையான பணத்தில் முக்கால் பங்கை அந்தக் கடனைக் கட்டுவதே உண்டாக்குகிறது. மீதி 5.8 லட்சம் உங்கள் கையிலிருந்து வரவேண்டும். லிமிட்டையும் 65 பக்கம் ஏற்றவேண்டும். டர்ன்ஓவர் முறையில் விற்பனையில் 20 சதவீதம், உங்களுக்கு 73 லட்சம் வரை கணக்கு வரும். அந்த முறையே மூன்று மாதச் சுழற்சி என்ற அனுமானத்தில் வந்ததுதான், ரிசர்வ் வங்கியின் நாயக் கமிட்டி காலத்தில். விற்பனையில் நாலில் ஒரு பங்கு மூலதனம் வேண்டும், அந்த 25 சதவீதத்தில் 20 பேங்க், 5 உங்களுடையது.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். 54 லட்சம் சரக்கில் நகராதது எவ்வளவு? ஸ்டாக் ஆடிட் வந்தால் அதைக் கழித்துவிடுவார்கள்.

பைப்கடை_ஈரோடு

டாலியில் சரக்குக்கு `Ageing Analysis` போட்டுப் பார்த்தேன். ராத்திரி 11 மணி வரை குடோனில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வருடத்துக்கு மேல் நகராதது 17 லட்சம். பெரும்பாலும் ரிடியூசர், 140, 160 மி.மீ. ஃபிட்டிங்ஸ், ஒரு ஆர்டருக்கு என்று எடுத்து அந்த ஆர்டர் ரத்தான டீ, எல்போ. ஒரு அட்டைப்பெட்டியில் எலி கூடு கட்டியிருந்தது. மேலே எழுதியிருந்த தேதி 2019.

கணக்கு_அக்கா

அப்படியானால் 60 நாள் என்ற சராசரியை மறந்துவிடுங்கள், அது யாருடைய நாளும் இல்லை. அந்த 17 லட்சத்தில் நாளைக்கு எவ்வளவு விற்கிறது, 3 ஆயிரத்துக்கா? அப்படி என்றால் அது 567 நாள். மீதி 37 லட்சம் நாளைக்கு 87 ஆயிரத்துக்கு ஓடுகிறது, 43 நாள்கூட இல்லை. ஓடுகிற சரக்கை நீங்கள் நன்றாகவே நடத்துகிறீர்கள். 60 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து ஓடுகிற 110 மி.மீ. பைப்பின் ஆர்டரைக் குறைத்திருப்பீர்களோ என்று பயந்தேன். நிறையப் பேர் அதைத்தான் செய்வார்கள், ஏனென்றால் குறைப்பது சுலபம்.

பைப்கடை_ஈரோடு

அக்கா, போன மாதம் அதைத்தான் செய்தேன். மூன்று நாள் 110 இல்லாமல் இருந்தோம்.

ரிடையர்டு_மேனேஜர்

17 லட்சத்தை ஆடிட்டர் கழித்துவிட்டால் 37 லட்சம் சரக்குக்கு எதிரே 37.17 லட்சம் கொடுப்பு. கட்டிய சரக்கு பூஜ்யம். டிராயிங் பவர் 28.8, நிற்பதோ 41. ஒரே நாளில் 12 லட்சம் கட்டு என்று கடிதம் வரும். அதற்கு முன் நீங்களாகவே சரி செய்வது நல்லது.

டேலி_தாஸ்

30 சதவீதம் நட்டத்தில் வித்துத் தள்ளுங்க. 12 லட்சம் ரொக்கம் கிடைக்கும், அதை வைத்து டிஸ்கவுண்ட் எடுங்க. 22 சதவீதம் என்று அக்காவே சொல்கிறார், 12 லட்சத்துக்கு 2.6 லட்சம். இரண்டு வருடத்தில் நட்டம் திரும்பிவிடும்.

லைன்_முருகு

இந்த இடத்தில் தாஸ் சொல்வதில் பாதி சரி. 2019 எலிப்பெட்டியை விற்கலாம். ஆனால் ரிடியூசர் எல்லாவற்றையும் தள்ளினால் வேறு விபரீதம் வரும். ஹார்டுவேர் கடைக்காரன் ஏன் உங்களிடம் வருகிறான்? 40 அயிட்டம் லிஸ்ட் கொடுத்தால் 40-ம் ஒரே டெம்போவில் வரும் என்றுதான். 160-க்கு 110 ரிடியூசர் இரண்டு பீஸ் இல்லை என்றால், லிஸ்டை அப்படியே மடித்து எதிர்க்கடைக்குக் கொடுப்பான், பைப்பும் அங்கேயே போகும். அது 567 நாள் நிற்கிற சரக்கு இல்லை, விளம்பரப் பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு_அக்கா

முருகு அண்ணன் சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு அளவிலும் 6 பீஸ் பலகையாக இருக்கலாம், 200 பீஸ் பலகையாக இருக்கத் தேவையில்லை. அந்தக் கோடு எங்கே என்று உட்கார்ந்து லிஸ்டைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, தாஸ் முதலில் 60 நாள் இழு என்றாரே, அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. பைப்கடை, அந்த மூன்று கோவை யூனிட்டும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருக்கிறார்களா? அவர்களோடு எழுத்தில் ஏதாவது ஒப்பந்தம் உண்டா?

பைப்கடை_ஈரோடு

பில்லிலேயே உத்யம் நம்பர் அச்சடித்திருக்கிறது, மைக்ரோ என்று. ஒப்பந்தம் எதுவும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சுதான். 15 வருடப் பழக்கம்.

கணக்கு_அக்கா

அப்படியானால் இழுக்கிற பேச்சே வேண்டாம், ஏற்கனவே மாட்டியிருக்கிறீர்கள். 2006 எம்எஸ்எம்இடி சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள், இருந்தால் எவ்வளவு எழுதினாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிக்கு 43பி(எச்) பிரிவு வந்ததிலிருந்து, அந்தக் கெடு தாண்டி மார்ச் 31-ல் நிற்கும் பாக்கிக்கு அந்த வருடம் செலவு எழுத முடியாது, கட்டிய வருடத்தில்தான் எழுதலாம். உங்களுக்கு 15-க்கும் 35-க்கும் நடுவே 20 நாள், நாளைக்கு 20 ஆயிரம், 4 லட்சம். பார்ட்னர்ஷிப்புக்கு 31.2 சதவீதம், 1.25 லட்சம் வரி முன்கூட்டிப் போகும். அது போக, கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கேட்க மாட்டார்கள், பழக்கம். ஆனால் பிரச்சினை வந்து பிரியும்போது கேட்பார்கள்.

வழி சுலபம். 45 நாள் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வையுங்கள், இனி வரும் ஆர்டர்களுக்கு. 35 நாளில் கட்டுவதால் நீங்கள் பத்திரம்.

பெரிய பைப் கம்பெனிக்கு இது பொருந்தாது, அவர்கள் மைக்ரோவும் இல்லை ஸ்மாலும் இல்லை.

புடவைக்கடை_சேலம்

ஐயோ, அப்போது எனக்கு 120 நாள்? 2024 மார்ச்சில் ஒரு பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பச் சொன்னார், ஏன் என்று அப்போது புரியவில்லை.

கணக்கு_அக்கா

உங்களுக்குச் சேலை தருபவர் நெய்து தருபவரா, வாங்கி விற்பவரா என்று முதலில் பாருங்கள். வியாபாரிகளுக்கு உத்யம் சான்று கிடைக்கும், ஆனால் அது முன்னுரிமைக் கடனுக்குத்தான், இந்தக் கெடு பாதுகாப்பு அவர்களுக்குப் பொருந்தாது. சூரத்தில் இரண்டு வகையும் இருக்கிறார்கள். பில்லை எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள், இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது.

பைப்கடை_ஈரோடு

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். 2 சதவீதத்தை முழுசாக எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. கம்பெனியில் கேட்டேன், பில் பில்லாகக் கட்டினாலும் டிஸ்கவுண்ட் உண்டாம். 2019 எலிப்பெட்டிகளும் ரத்தான ஆர்டர் சரக்கும் ஒரு பிளம்பிங் கான்ட்ராக்டருக்கு மொத்தமாக 5 லட்சத்துக்குப் போயின, அடக்கம் 7.4 லட்சம். மச்சானுக்கு மனசே இல்லை. அந்த 5 லட்சத்தில் இரண்டு பில்லை ஏழாம் நாளில் கட்டினேன், 8,475 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் வந்திருக்கிறது. முன்பு 35-ம் நாள் கட்டின பணத்தை இப்போது 28 நாளுக்கு ஒருமுறை இதே மாதிரி சுற்றவிடலாம். வருடத்துக்கு 13 சுற்று, 1.1 லட்சம். வட்டிக்கு 55 ஆயிரம் போனாலும் மிச்சம் இருக்கிறது.

ரிடியூசரைத் தொடவில்லை. முருகு அண்ணன் சொன்னதை மச்சான் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

ரிடையர்டு_மேனேஜர்

நல்லது. அந்த 8 லட்சம் கான்ட்ராக்டர்?

பைப்கடை_ஈரோடு

நேரில் போனேன் சார். 2 லட்சத்துக்குப் பின் தேதி செக் கொடுத்தார், அடுத்த மாதம் 20. கூடவே புது வேலைக்கு 3 லட்சத்துக்கு ஆர்டரும் கொடுத்தார். ஆர்டரை எடுக்கலாமா என்று மச்சானும் நானும் மறுபடி சண்டையில் இருக்கிறோம்.

லைன்_முருகு

செக் பாஸ் ஆன பிறகு டெம்போவை எடு தம்பி.

டேலி_தாஸ்

20-ம் தேதிக்குள் அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டால்?